காயா, பழமா? பக்கத்துப் படம் மாற்றிவிடும் விடை

ஒரு மாம்பழத்தின் படத்தைக் காட்டினால் அது காயா, பழமா என்று சொல்லும்படி ஒரு கணினி மாடலைப் பழக்கியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகப் பழுத்த ஒரு பழத்தின் படத்தைக் காய்களின் படங்களோடு கலந்து கொடுக்கிறோம், ‘பழம்’ என்கிறது. அதே படத்தை வேறு பழங்களின் படங்களோடு மட்டும் சேர்த்துக் கொடுக்கிறோம், ‘காய்’ என்கிறது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. மாடலின் எடைகளும் மாறவில்லை. மாறியது, கூட வந்த படங்கள் மட்டுமே.

படங்களைப் பார்த்துப் பழகும் நியூரல் நெட்வொர்க்குகளைக் கையாள்பவர்கள் இதை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். காரணம் பெரும்பாலும் எழுத விட்டுப்போன ஒரே ஒரு வரி. அந்த வரி ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய, பேட்ச் நார்மலைசேஷன் என்ற உத்தி உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

கூகுளில் இருந்த செர்கேய் ஐயோஃபே, கிறிஸ்டியன் செகெடி இருவரும் 2015இல் இதை முன்வைத்தார்கள். நியூரல் நெட்வொர்க் என்பது அடுக்கடுக்கான கணக்கு. முதல் அடுக்கு படத்தைப் பார்த்துச் சில எண்களைத் தரும். அடுத்த அடுக்கு அந்த எண்களைப் பார்த்து வேறு எண்களைத் தரும். அடுக்குகள் கூடக் கூட, நடுவில் ஓடும் எண்கள் சில இடங்களில் ஊதிப் பெருக்கும், சில இடங்களில் சுருங்கிப் போகும். அப்படிப்பட்ட மாடலைப் பழக்குவது கடினம். அதனால் ஒவ்வோர் அடுக்கிலும் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். செய்முறை பள்ளிக்கூடப் புள்ளியியல்தான்: சராசரியைக் கழி, திட்ட விலக்கத்தால் வகு. அதன்பின், பயிற்சியில் மாடல் தானே கற்றுக்கொண்ட ஓர் எண்ணால் பெருக்கி, இன்னோர் எண்ணைக் கூட்டு.

சிக்கல், எதன் சராசரி என்பதில் இருக்கிறது. பயிற்சியின்போது படங்கள் ஒவ்வொன்றாகப் போவதில்லை. 32 அல்லது 64 என ஒரு பேட்சாகப் போகின்றன. சராசரியும் திட்ட விலக்கமும் அந்த பேட்சிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஆக, ஒரு படத்துக்கான எண் அந்தப் படத்தை மட்டும் பொறுத்ததல்ல; அதே பேட்சில் வந்த மற்ற படங்களையும் பொறுத்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தக் கணக்குதான்.

எண்களை வைத்தே பார்ப்போம். மாடலின் உள்ளே ஏதோ ஓரிடத்தில், மஞ்சள் நிறத்தைக் கண்டால் பெரிய எண்ணைத் தரும் ஒரு சேனல் இருக்கிறது என்று கொள்வோம். (நிஜத்தில் ஒரு சேனல் படத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைத் தரும், எளிமைக்காகப் படத்துக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்கிறேன்.) நான்கு காய்களுக்கு அது 2, 3, 1, 2 என்றும், நான்கு பழங்களுக்கு 8, 7, 9, 8 என்றும் தருகிறது. எட்டும் ஒரே பேட்சில் வந்தால் சராசரி 5, திட்ட விலக்கம் ஏறக்குறைய 3.08. சரிப்படுத்தியபின் 8 என்ற பழம் +0.97 ஆகிறது, 2 என்ற காய் −0.97 ஆகிறது, 7 என்ற பழம் +0.65 ஆகிறது. பழமெல்லாம் பூஜ்யத்துக்கு மேலே, காயெல்லாம் கீழே. அடுத்த அடுக்குகள் இதைப் பார்த்தே கற்கின்றன.

இப்போது நான்கு பழங்களை மட்டும் ஒரு பேட்சாக அனுப்புங்கள். சராசரி 8 ஆகிவிடும், திட்ட விலக்கம் 0.71. அதே 7 என்ற பழம் இப்போது −1.41. முந்தைய பேட்சில் 2 என்ற காய் பெற்ற −0.97ஐவிட இது கீழே. அடுத்த அடுக்கின் கண்ணுக்கு இந்தப் பழம், பச்சைக் காயைவிடப் பச்சை.

பயிற்சியில் இது பெரிய தொல்லை தருவதில்லை. படங்களைக் குலுக்கி அனுப்புவதால் ஒவ்வொரு பேட்சிலும் காயும் பழமும் கலந்தே வரும். சராசரி அங்கே இங்கே சிறிது ஆடும், அவ்வளவுதான். அந்தச் சிறு ஆட்டம் மாடலுக்கு நல்லதும்கூட, மனப்பாடம் செய்யவிடாமல் தடுக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்து பயன்பாட்டுக்கு வரும்போது, ஒரே ஒரு படம் வரலாம். அதோடு யார் வருகிறார்கள் என்பதும் நம் கையில் இல்லை. அப்போது விடை கூட்டத்தைப் பொறுத்து மாறக்கூடாது.

அதற்காகவே பேட்ச் நார்மலைசேஷன் அடுக்கு, பயிற்சி ஓடும்போதே ஒரு குறிப்பையும் எழுதிக்கொண்டு வருகிறது. பைடார்ச் என்ற மென்பொருளில் அதற்கு `running_mean`, `running_var` என்று பெயர்: இதுவரை கண்ட சராசரி, இதுவரை கண்ட விலக்க வர்க்கச் சராசரி. இவை 0, 1 என்று தொடங்குகின்றன. ஒவ்வொரு பேட்ச் போகும்போதும் பழைய மதிப்பில் 90 விழுக்காட்டை வைத்துக்கொண்டு, புதிய பேட்சின் மதிப்பில் 10 விழுக்காட்டைச் சேர்க்கும். நம் சேனலில் பேட்ச் சராசரி எப்போதும் 5 என்றால், குறிப்பு 0.5 ஆகும், பிறகு 0.95 ஆகும், பத்து பேட்சுக்குப் பின்னும் 3.26தான். ஐம்பது பேட்ச் போனால் ஏறக்குறைய 5ஐத் தொட்டுவிடும். பயன்பாட்டின்போது பேட்சைப் பார்க்காமல் இந்தக் குறிப்பை வைத்தே கழிக்கவும் வகுக்கவும் வேண்டும். அப்போது 7 என்ற பழம் யாரோடு வந்தாலும், தனியாக வந்தாலும், +0.65தான்.

ஆக ஒரே அடுக்குக்கு இரண்டு நடத்தைகள். பயிற்சி நிலையில் பேட்சைப் பார்த்துக் கணக்கிடும், கூடவே குறிப்பையும் திருத்தும். மதிப்பீட்டு நிலையில் குறிப்பைப் படிக்கும், அதைத் தொடாது. எந்த நிலை என்று அடுக்கு தானாக ஊகிப்பதில்லை. எழுதுபவர்தான் சொல்ல வேண்டும்.

```python
model.eval()
with torch.no_grad():
    for x, y in val_loader:
        out = model(x)
model.train()
```

இதில் இரண்டாவது வரியைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். `torch.no_grad()` என்பது சரிவுகளைக் கணக்கிடாதே, நினைவகத்தை மிச்சம் செய் என்று மட்டுமே சொல்கிறது. நிலையை அது மாற்றாது. அது இருக்கிறதே என்று நினைத்து `model.eval()`ஐ விட்டுவிட்டால், மாடல் பயிற்சி நிலையிலேயே இருக்கும், குறிப்பையும் திருத்திக்கொண்டே இருக்கும். புதிதாக உருவாக்கிய மாடல் பயிற்சி நிலையில்தான் பிறக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மறதி என்ன செய்யும் என்று ஒரு முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாடல் ரெஸ்நெட்-18. அதில் 20 பேட்ச் நார்மலைசேஷன் அடுக்குகள், மொத்தம் 4,800 சேனல்கள். எனவே 4,800 சராசரிகளும் அதே எண்ணிக்கையில் விலக்க வர்க்கச் சராசரிகளும் குறிப்பில் இருக்கின்றன. பயிற்சிக்கு 1,600 படங்கள், பேட்சுக்கு 32, ஒரு சுற்றுக்கு 50 பேட்ச். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், தனியே ஒதுக்கி வைத்த 400 படங்களில் சரிபார்ப்பு: 200 காய், 200 பழம். படங்கள் `kaai`, `pazham` என்ற இரண்டு கோப்புறைகளில் இருக்கின்றன. அவற்றை வாசிக்கும் `ImageFolder`, கோப்புறைப் பெயரின் அகரவரிசையில் அடுக்கித் தரும். பயிற்சிக்கு `shuffle=True` போட்டிருக்கிறோம்; சரிபார்ப்புக்குக் குலுக்க வேண்டிய அவசியம் இல்லை என்று `shuffle=False`. இது எல்லோரும் செய்வது, தவறும் அல்ல.

`model.eval()` விட்டுப்போகிறது. இப்போது சரிபார்ப்பில் 13 பேட்ச் வரும். முதல் ஆறும் காய்கள் மட்டும். ஏழாவதில் 8 காயும் 24 பழமும். கடைசி ஆறும் பழங்கள் மட்டும். மேலே கண்ட கணக்குதான்: பழம் மட்டுமே உள்ள பேட்சில் பழத்தன்மையே சராசரியாகிக் கழிந்துவிடுகிறது. பாதி பழங்கள் சராசரிக்குக் கீழே போய்விடுகின்றன, பாதி காய்கள் மேலே. பயிற்சியில் துல்லியம் உயரத்தில் இருக்க, சரிபார்ப்பில் நாணயம் சுண்டிப் பார்த்தது போன்ற ஒரு விடை வருகிறது.

இங்கேதான் நோயைத் தப்பாகக் கணிக்கிறார்கள். பயிற்சியில் நன்று, சரிபார்ப்பில் மோசம் என்றால் மாடல் மனப்பாடம் செய்துவிட்டது என்பது பாடப்புத்தக விடை. இன்னும் படங்களைச் சேர்க்கிறார்கள், மாடலைச் சிறிதாக்குகிறார்கள். ஒன்றும் பயன் தராது, ஏனென்றால் மாடல் உண்மையில் நன்றாகத்தான் கற்றிருக்கிறது. வேறு சிலர் தற்செயலாகச் சரிபார்ப்புப் படங்களையும் குலுக்கிவிடுவார்கள். உடனே துல்லியம் ஏறிவிடும், சிக்கல் தீர்ந்தது என்று போய்விடுவார்கள். இது முன்னதைவிட ஆபத்து. தவறு அப்படியே இருக்கிறது, கண்ணில் படுவது மட்டும் நின்றுவிட்டது. படங்களின் வரிசையை மாற்றினால் சரிபார்ப்புத் துல்லியம் மாறுகிறது என்பதே, நிலை மாறவில்லை என்பதற்கு உறுதியான அறிகுறி. சரியான மாடலுக்கு வரிசை ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் இதைவிட ஆழமான சேதம் ஒன்று உண்டு. அந்த 13 பேட்சும் தப்பான விடையைத் தந்ததோடு நிற்கவில்லை. குறிப்பிலும் எழுதிவிட்டுப் போயின. ஒவ்வொரு பேட்சும் பழையதில் 10 விழுக்காட்டை அழிக்கும் என்பதால், 13 பேட்ச் போனபின் பயிற்சியிலிருந்து வந்த குறிப்பில் மிஞ்சுவது கால் பங்குதான். முக்கால் பங்கு சரிபார்ப்புப் படங்களுடையது. அதிலும் கடைசியாக வந்த ஆறு பழ பேட்சுகள் மட்டுமே 47 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கின்றன.

நம் மஞ்சள் சேனலில் இதைத் தொடர்ந்து பாருங்கள். சரிபார்ப்புக்கு முன் குறிப்பில் சராசரி 5, விலக்க வர்க்கச் சராசரி 9.5. ஆறு காய் பேட்ச் போனதும் சராசரி 3.6க்கு இறங்கும். கலப்பு பேட்ச் அதைச் சற்றே உயர்த்தும். ஆறு பழ பேட்ச் போனபின் 5.8. சராசரி அவ்வளவாக நகரவில்லையே என்று தோன்றும். விலக்க வர்க்கச் சராசரியைப் பாருங்கள்: ஒரே வகைப் படங்கள் மட்டும் உள்ள பேட்சில் எண்கள் நெருக்கமாக இருப்பதால், அது 9.5இலிருந்து 3.2க்குச் சரிந்துவிட்டது. இந்தக் குறிப்பை வைத்துக் கணக்கிட்டால் 2 என்ற காய் −0.97க்குப் பதிலாக −2.1 ஆகிறது. இரண்டு மடங்குக்கு மேல். அதுவும் ஓர் அடுக்கில். 20 அடுக்குகளிலும் இப்படி விகிதம் கெட்டால் கடைசியில் வரும் விடைக்கு எந்த உறுதியும் இல்லை.

அடுத்த சுற்றுப் பயிற்சி தொடங்கியதும் 50 பேட்ச் போய் இந்தக் கறையை ஏறக்குறைய முழுவதும் கழுவிவிடும். மிஞ்சுவது அரை விழுக்காடு. அதனால் பயிற்சியின் வரைபடத்தில் ஒரு சுவடும் தெரியாது. ஆனால் எல்லோரும் மாடலை எப்போது கோப்பாகச் சேமிக்கிறோம்? சரிபார்ப்பு முடிந்த கையோடு, துல்லியம் முன்னைவிடக் கூடியிருந்தால். அதாவது குறிப்பு மிகவும் கெட்டிருக்கும் அந்தக் கணத்தில்தான். கோப்புக்குள் போவது கெட்ட குறிப்பு.

பிறகு இன்னொருவர் அந்தக் கோப்பை எடுக்கிறார். முறைப்படி `model.eval()` எழுதுகிறார். விடைகள் மோசமாக வருகின்றன. அந்த வரியை நீக்கிப் பார்க்கிறார். குலுக்கிய படங்களில் விடைகள் நன்றாக வருகின்றன. `eval()`தான் மாடலைக் கெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்து, வரியை நீக்கியே பயன்பாட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணால் கண்ட சோதனை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பயன்பாட்டில் ஒற்றைப் படம் வரும்போது மாடல் அந்த ஒரு படத்தின் சராசரியையே கழித்துக்கொண்டிருக்கும். அப்போதாவது பிழை அறிவிப்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். `Expected more than 1 value per channel when training` என்று பைடார்ச் அலறுவது, ஒரு சேனலுக்கு ஒரே ஓர் எண் மட்டும் வரும் இடத்தில்தான். ரெஸ்நெட்-18இன் கடைசி அடுக்குகளில்கூட, வழக்கமான 224 புள்ளி அகலப் படத்துக்கு, ஒரு சேனலில் 7×7 என 49 எண்கள் இருக்கும். கணக்கு ஓடிவிடும், சத்தமே இல்லாமல் தப்பாக.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு சாட்சி மாடலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பேட்ச் நார்மலைசேஷன் அடுக்கிலும் `num_batches_tracked` என்று ஓர் எண் உண்டு. குறிப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒன்று கூடும். சேமித்த கோப்பிலும் அது இருக்கும்.

```python
print(model.bn1.num_batches_tracked)
```

நம் கணக்கில் சுற்றுக்கு 50 பேட்ச், பத்து சுற்று ஓடியிருக்கிறது. எல்லாம் சரி என்றால் அங்கே 500 இருக்க வேண்டும். (முன்பே பழக்கிய மாடலிலிருந்து தொடங்கினால், தொடக்கத்தில் இருந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.) 630 என்று இருந்தால்? மிகுதி 130, பத்து சுற்றுக்குப் பதின்மூன்று. சரிபார்ப்புப் படங்கள் குறிப்பில் எழுதியிருக்கின்றன. வேறு சாட்சியே வேண்டாம்.

அதே இடத்தில் 50 என்று இருந்தால், கதை நேர் எதிர். சரிபார்ப்புக்கு முன் `model.eval()` எழுதியவர், முடிந்தபின் `model.train()` எழுத மறந்துவிட்டார். முதல் சுற்று மட்டும் பயிற்சி நிலையில் ஓடியது. மிச்சம் ஒன்பதும் மதிப்பீட்டு நிலையில். எடைகள் அப்போதும் மாறிக்கொண்டுதான் இருக்கும், மாடல் கற்றுக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கழிப்பதும் வகுப்பதும் முதல் சுற்றில் உறைந்துபோன எண்களால். எடைகள் நகர்ந்து நடு எண்கள் ஊதினால், அடக்க யாரும் இல்லை. இரண்டாவது சுற்றிலிருந்து பிழையளவு இறங்கும் வேகம் திடீரென்று மாறினால் இதைச் சந்தேகிக்கலாம். டிராப்அவுட் இருந்தால் அதுவும் அணைந்திருக்கும்.

இரண்டு மறதிகளும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டாவதில் மாடல் எந்த எண்களை வைத்துக் கற்றதோ அதே எண்களை வைத்துத்தான் பயன்பாட்டிலும் கணக்கிடும். கற்றது அரைகுறையாக இருக்கலாம். சொல்லும் விடையில் முரண் இருக்காது. முதலாவதில் கற்றது நன்று, சொல்லும் விடை கெடுகிறது.

கெராஸுக்குப் போனால் இன்னொரு கண்ணி. அங்கே இந்தக் குறிப்பின் வேகத்தைக் காட்டும் `momentum`, பழையதின் பங்கைக் குறிக்கிறது. இயல்பான மதிப்பு 0.99. பைடார்ச்சில் அதே பெயர் புதியதின் பங்கைக் குறிக்கிறது. இயல்பான மதிப்பு 0.1. கெராஸில் இருந்த மாடலைப் பைடார்ச்சில் எழுதும்போது 0.99ஐ அப்படியே போட்டால், குறிப்பு கடைசி பேட்சின் நகலாகிவிடும். எழுத வேண்டியது 0.01. அந்த வேகத்தில் பத்து பேட்சுக்குப் பின் நம் சேனலின் சராசரி வெறும் 0.48தான் என்பதையும் மறக்கக்கூடாது. சில பத்து பேட்சுகளே ஓடிய மாடலை மதிப்பீட்டு நிலையில் சோதித்துவிட்டு மோசம் என்று தீர்ப்பு சொல்வது சரியல்ல, குறிப்பு இன்னும் தொடக்க மதிப்பிலிருந்தே கிளம்பவில்லை.

முன்பே பழக்கிய மாடலை எடுத்து, கடைசி அடுக்கை மட்டும் நம் படங்களுக்குப் பழக்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மற்ற அடுக்குகளை உறையவைக்க `requires_grad = False` போடுவார்கள். அது எடைகளைத்தான் பூட்டுகிறது. குறிப்பு எடை அல்ல. பயிற்சி நிலையில் அது மாறிக்கொண்டே இருக்கும். பூட்ட வேண்டுமென்றால் அந்த அடுக்குகளை `eval()` நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த சுற்றில் `model.train()` என்ற ஒரே வரி அவை அத்தனையையும் மீண்டும் பயிற்சி நிலைக்குத் திருப்பிவிடும் என்பதால், அதன்பின் ஒவ்வொரு முறையும் மறுபடி செய்ய வேண்டும்.

கெட்ட குறிப்போடு சேமித்த கோப்பைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 630 என்று காட்டிய மாடலில் எடைகள் நன்றாகவே இருக்கின்றன. குறிப்பை மட்டும் அழித்து, பயிற்சிப் படங்களைக் குலுக்கி ஒருமுறை ஓடவிட்டு மீண்டும் எழுதலாம்.

```python
for m in model.modules():
    if isinstance(m, torch.nn.BatchNorm2d):
        m.reset_running_stats()
        m.momentum = None
model.train()
with torch.no_grad():
    for x, _ in train_loader:
        model(x)
model.eval()
```

`momentum = None` என்றால் கடைசியில் வந்ததற்குக் கூடுதல் இடம் கொடுக்காமல், எல்லா பேட்சுக்கும் சம பங்கு. ஒரு சுற்று ஓட எடுக்கும் நேரம்தான் செலவு, மறுபயிற்சி வேண்டாம். ஆனால் 50 என்று காட்டிய மாடலுக்கு இதைச் செய்யக்கூடாது. அதன் எடைகள் ஒன்பது சுற்றும் அந்த உறைந்த குறிப்புக்கு ஏற்பத்தான் தங்களை அமைத்துக்கொண்டிருக்கின்றன. குறிப்பைப் புதுப்பித்தால், இருந்த ஒத்திசைவும் போய்விடும். அதை அப்படியே பயன்படுத்தலாம், அல்லது `model.train()`ஐ உரிய இடத்தில் எழுதி முதலிலிருந்து பழக்கலாம். எனவே பழுதுபார்க்கத் தொடங்குமுன் அந்த எண்ணை ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துவிட வேண்டும்.